வேதநாயகிக்கு வரவேண்டிய வட்டி

ஆரோக்கியசாமி எழுதும் கடிதத்தில் ‘அன்புள்ள’ என்ற சொல் வராது என்பது காக்ஸ் டவுன் பக்கத்திலிருந்த அந்த வங்கிக் கிளையில் எல்லோருக்கும் தெரியும். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பேனாவுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. மர்பி டவுனில் தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான் எழுதுவார், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவர்தான் எழுதுவார். விளக்கு எரிந்தால், பகலிலும் எரிகிறதே என்று இன்னொன்று எழுதுவார்.

பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய கடிதம் ஒன்று டென்சிலின் மேசைக்கு வந்தது. டென்சில் அந்தக் கிளையின் பென்ஷன் மேசை அதிகாரி. அதே கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து, வேறு கிளைகளைச் சுற்றி, அதிகாரியாகித் திரும்பி வந்தவர். மார்ச்சோடு ஓய்வு. மகள் ஸ்னேஹாவின் கல்யாணத்துக்காக டிசம்பர் கடைசியில் போட்ட நீண்ட விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. விரலிடுக்கில் இன்னும் அழைப்பிதழ் பசை ஒட்டியிருப்பது போன்ற ஒரு களைப்பு.

கடிதத்தின் கீழே ஆரோக்கியசாமியின் கையெழுத்து இல்லை. ‘வேதநாயகி’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. அந்தக் கோணலை டென்சில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பொருள்: குடும்ப ஓய்வூதிய நிலுவையை வட்டியுடன் வழங்கக் கோருதல். கடந்த நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்த என் வீட்டுக்கே தங்கள் அதிகாரி நேரில் வந்து உயிர்ச்சான்றைப் பெற்றுச் சென்றார். இருந்தும் டிசம்பர், ஜனவரி மாத ஓய்வூதியம் என் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. வங்கியின் தவறால் ஏற்படும் தாமதத்துக்கு ஆண்டுக்கு எட்டு சதவீத வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நிலுவையையும் வட்டியையும் உடனே வழங்குவதோடு, தவறு செய்த அதிகாரி யார் என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

யார் என்பதை வாசித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும். வந்தது அவர்தான்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடா வருடம் நவம்பரில் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று வங்கிக்குச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிசம்பரிலிருந்து பணம் நின்றுவிடும். நடக்க முடிகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், விவரம் தெரிந்த பிள்ளைகள் கைபேசியிலேயே முகத்தைக் காட்டி முடித்துக்கொடுப்பார்கள். இரண்டும் முடியாதவர்கள் வீட்டுக்கு டென்சில் தானே போவார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளியில் ஆரம்பித்து மர்பி டவுனில் முடிப்பார். அந்த நவம்பரில் ஏழு வீடு. கடைசி வீடு வேதநாயகியுடையது.

கணினியில் அவள் கணக்கைத் திறந்தார். உயிர்ச்சான்று வரவில்லை. ஓய்வூதியம் நிறுத்தம். மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்தார். ஏழு பெயர், ஏழு டிக். நவம்பர் பதினேழாம் தேதி கணினியில் ஏற்றியது ஆறு. ஏழாவது காகிதம் எங்கே போனது என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

சான்றைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு ஒரு ரசீது கொடுக்க வேண்டும் என்பது விதி. கவுண்டரில் வருகிற அத்தனை பேருக்கும் டென்சில் கொடுப்பார். வீட்டுக்குப் போன இடத்தில் மட்டும் கொடுப்பதில்லை. காபி குடித்துவிட்டு ரசீதை நீட்டினால் நம்மை நம்பவில்லையா என்று கேட்பது போல இருக்கும் என்பது அவர் கட்சி. இத்தனை வருடத்தில் அந்தக் கட்சி ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் தீபிகா கரூர்க்காரி, முப்பத்து நான்கு வயது, மூன்று மாதம் முன்புதான் இந்தக் கிளைக்கு வந்தவள். அவசரமாகப் பேசுவாள், ஆனால் கெட்டவள் இல்லை.

“இவங்க போன மாசம் போன் பண்ணாங்க சார், நானே எடுத்தேன்” என்றாள் கடிதத்தைப் பார்த்துவிட்டு. “லைப் சர்டிபிகேட் வரலைங்கம்மான்னு சொன்னேன். குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. சரிம்மா, நான் பாத்துக்கறேன்னு வெச்சுட்டாங்க. இப்ப வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னு எழுதியிருக்காங்க. ரசீது இருக்கா அவங்ககிட்ட?”

“இல்ல மேடம்.”

“அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க சார். இன்னிக்கே போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. ஏத்திட்டா ரெண்டு மாசப் பணமும் நாலஞ்சு நாள்ல வந்துரும். அவங்க லேட்டா குடுத்ததா இருந்தா வட்டி கிடையாது. லெட்டருக்குப் பதில் நான் எழுதிக்கறேன். ரிட்டயர்மெண்ட் நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி.”

உண்மையைச் சொல்ல டென்சில் வாயைத் திறந்தார். திறந்த வாய், “சரி மேடம்” என்று சொல்லி மூடிக்கொண்டது.

அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். முப்பத்தாறு வருட வேலையில் ஒரு மெமோ வாங்காத மனிதர். கூட வேலை பார்த்தவர்கள் பட்டம், பதவி, வீடு, வாசல் என்று எதையெதையோ சேர்த்தார்கள். டென்சில் சேர்த்தது அந்த ஒன்றைத்தான். வீட்டில் மனைவி ரூபினியிடம் சண்டை போடும்போதுகூட, “ஒரு மெமோ வாங்கினவன் இல்லடீ நானு” என்பார். அதற்கும் குழம்பில் உப்பு கூடியதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்பாள். இன்னும் ஏழு வாரத்தில் ஒரு மாலையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதுவரை அந்த வெள்ளைத்தாள் வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தார். மனித ஆசைதான்.

மதியம் சாப்பிட்ட கையோடு புதுப் படிவம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மர்பி டவுனுக்குக் கிளம்பினார்.

வேதநாயகியின் கணவர் நடேசன் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். டென்சில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பணத்தைத் தப்பாக எண்ணி நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார். வெளியே போய் எண்ணிப் பார்த்த நடேசன் திரும்பி வந்து அதை வைத்துவிட்டு, “புதுசா தம்பி? மெதுவா எண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருடம் முன்பு அவர் இறந்தபோது, இறப்புச் சான்றையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதிய கடிதத்தையும் வாங்கி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்த அதே கணக்கில் குடும்ப ஓய்வூதியம் விழும்படி செய்துகொடுத்தவர் டென்சில். வேதநாயகியை ஒரு தடவைக்கு மேல் அலைய விடவில்லை. அன்றிலிருந்து அவள் அவருக்கு அக்கா. பிள்ளையில்லாத வீட்டில் அவர்தான் தம்பி.

வாசலிலேயே ஆரோக்கியசாமி பிடித்துக்கொண்டார். பக்கத்து வீடு அவருடையது.

“வாய்யா, பெரிய ஆபீசரு. லெட்டரு வந்துச்சா?”

“வந்துச்சு அண்ணே.”

“நீ வந்த அன்னிக்கி நான் இங்கதான் குழாயாண்ட நின்னுனு இருந்தேன். குட்மார்னிங்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அப்பால எப்பிடிய்யா வரலன்னு சொல்றீங்கோ? அந்தம்மா வாயே தொறக்க மாட்டேங்குது. முந்தாநாளு சேட்டு கடையில வட்டி கட்டிட்டு வரச்சே நான் பாத்துட்டேன். அப்பதான் விசயமே எனக்குத் தெரியும்.”

“சேட்டு கடையா? இன்னாத்துக்கு?”

“அத்த உள்ள போய் உங்கக்காவ கேளு” என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வேதநாயகி கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. டென்சிலைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, “வா டென்சிலு, பொண்ணு எப்டி கீது? மாப்ள நல்லா வெச்சிக்கிறாரா?” என்று ஆரம்பித்துவிட்டாள். கோபம் இருந்தாலாவது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

டென்சில் அவள் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. நடேசன் வாங்கிப் போட்ட சிவப்புக்கல் தோடு அந்தக் காதுகளை விட்டு இறங்கி அவர் பார்த்ததேயில்லை. கல்யாணத்தன்று மண்டபத்தில் இவளை வெறுங்காதோடு பார்த்தபோது, கூட்டத்தில் திருடு போகும் என்று கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அன்று அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேடையேறி வந்து ஸ்னேஹாவின் கையில் ஒரு கவரைத் திணித்தாள். மறுநாள் மொய் எழுதும்போது ரூபினி அதைப் பிரித்தாள். ஆயிரத்தொரு ரூபாய்.

“தோடு எங்கக்கா?”

“கழட்டி வெச்சிருக்கேன்பா. காது அறுந்துடும்போல கீது.”

“சேட்டு கடையில வெச்சிருக்கியா?”

வேதநாயகி கீரையைப் பார்த்தாள். “அந்தாளு வாயில ஓட்ட. வூட்டு வாடக குடுக்கணும்ல? கால் டாக்டரு வேற. பதினஞ்சாயிரம் குடுத்தான். பென்சன் வந்தா மூட்டுக்கலாம்னு…”

“அதுலருந்துதான் எம் பொண்ணுக்கு மொய் வெச்சியா?”

“கல்யாணத்துக்கு வெறுங்கைய வீசினு வருவாங்களா யாராவது? இன்னா பேசற நீ?”

ஆயிரத்தொரு ரூபாயை அவர் வீட்டில் யாரும் பெரிய மொய்யாக நினைக்கவில்லை. மச்சான் மைத்துனர் வைத்த ஐயாயிரம், பத்தாயிரங்களுக்கு நடுவே அதுவும் ஒரு வரியாக நோட்டில் இருந்தது. அதை நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. பையிலிருந்த புதுப் படிவத்தை எடுத்தார்.

“ஏங்கா எனக்கு ஒரு போன் பண்ணல?”

“கல்யாண வூட்டுக்குப் போன் பண்ணி துட்டு இன்னும் வரலன்னு சொல்லணுமா? நீ லீவு முடிச்சி வா, சத்தமில்லாம குடுத்துரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தாளு பென்சன் பெட்டிசன்னு சொல்லி கையெழுத்து வாங்கினு போயிட்டாரு. முன்பக்கம் மட்டுந்தான் படிச்சிக் காட்னாரு. ஆபீசரு பேரக் கேட்டதெல்லாம் பின்பக்கம். தெரிஞ்சா போட்ருப்பனா?”

“சத்தமில்லாம எத்தக் குடுக்கணும்னு இருந்த?”

வேதநாயகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆனால் அது நவம்பரில் எழுதிய சான்று இல்லை. ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதே கோணல் எழுத்தில் மூன்று வரி. லைப் சர்ட்டிபிகேட்டை நான்தான் மறந்து நவம்பரில் தரவில்லை. பேங்கு மேல் தப்பு இல்லை. எனக்கு வட்டி வேண்டாம்.

“நேத்திக்கே எழுதி வெச்சிட்டேன். இத்த அந்த மேடம்கிட்ட குடுத்துரு. உம்பேரு எங்கயும் வராது. ரிட்டயர் ஆவப்போற நேரத்துல எதுக்குக் கெட்ட பேரு?”

டென்சில் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்றால் இதுதான். மேலாளர் ஒரு வழி சொன்னாள், பென்ஷன்காரியே அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், ரசீதும் இல்லை. மூன்று மணிக்குள் வங்கிக்குத் திரும்பினால் இன்றோடு விஷயம் முடிந்தது. ஆனாலும் நாக்கைக் கடித்துக்கொண்டாளே, அது அவரை விடவில்லை.

“அக்கா, நீ பொய் சொல்றவ இல்ல. அந்தக் காகிதம் உங்கிட்டதான் கீதா?”

அவள் அடுப்படி அலமாரியைப் பார்த்த கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். அதுவே போதும். டென்சில் எழுந்துபோய்ப் பார்த்தார். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. வேதநாயகியுடைய டப்பாதான், மூடியில் நடேசன் பெயர் வெட்டியிருக்கும். நவம்பரில் அதில்தான், கால் முடியாததால் கடையில் வாங்கிய மிளகு முறுக்கு போட்டு, துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். ஆறு வீட்டுப் படிவங்கள் ஏற்கெனவே தோள்பையில் கிடந்தன. கடைசிப் படிவத்தின் மசி காயவில்லை, மடித்தால் அப்பிவிடும் என்று டப்பாவை ஒட்டித் துணிப்பைக்குள் நிறுத்தி வைத்தது அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. முறுக்கு வாசனையில் மீதியெல்லாம் மறந்திருக்கிறது.

டப்பாவைத் திறந்தார். உள்ளே, எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட ஒரு தாள் நான்காக மடிந்து கிடந்தது.

யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் ரூபினிக்குக் கிடையாது. நவம்பரில் வந்த டப்பாவை கிறிஸ்துமஸ் வரைக்கும் வைத்திருந்து, ரோஸ் குக்கீஸ் என்கிற அச்சு முறுக்கு சுட்டு, எண்ணெய் வடிய அடியில் ஒரு தாள் போட்டு அடுக்கி, ஸ்னேஹாவின் கல்யாணப் பத்திரிகையோடு கொண்டுவந்து கொடுத்தாள். எந்தத் தாள் என்று பார்க்கவில்லை. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் அவளுக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். பழைய காலண்டர்களோடு பையிலிருந்து விழுந்த இதையும் சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறாள்.

டென்சில் தாளைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மேற்படி ஓய்வூதியரை இன்று நேரில் பார்த்தேன், அவர் உயிருடன் இருக்கிறார். கீழே வேதநாயகியின் கோணல் கையெழுத்து, பக்கத்தில் அவருடைய கையெழுத்து, தேதி, பணியாளர் எண். எண்ணெய் ஒன்றையும் அழிக்கவில்லை.

“கிறிஸ்மஸ் போயி நாலு நாளு கழிச்சி பலகாரம் தீந்துச்சி” என்றாள் வேதநாயகி மெதுவாக. “அடியில பாத்தா எங்கையெழுத்து. சிரிச்சிட்டேன்பா மொதல்ல. அப்பாலதான் பென்சன் வரலன்னு போன் பண்ணேன். அந்தப் பொண்ணு சர்ட்டிபிகேட்டு வரலன்னுச்சி. இத்தக் காட்டினா உன் தலதான் உருளும்னு எனக்குத் தெரியாதா? ரூபினிகிட்டயும் சொல்லாதப்பா, பாவம், மனசு ஒடஞ்சிடும்.”

“நாப்பது நாளா இத்த டப்பாவுல வெச்சினு, தோட்டக் கழட்டிக் குடுத்துட்டு, எம் பொண்ணு கல்யாணத்துல வந்து சாப்ட்டுப் போயிருக்க” என்றார் டென்சில். ஐம்பத்தொன்பது வயது ஆள் அடுப்படியில் நின்று அழுதார். அழுவதை மறைக்க டப்பாவின் மூடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சி” என்றாள் அவள். “பிரியாணில மட்டும் காரம் கம்மி.”

அவர் புதுப் படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ரூல் நோட்டுத் தாளையும் கிழித்தார். வேதநாயகி, ஐயையோ என்று கை நீட்டுவதற்குள் அது எட்டுத் துண்டாகிவிட்டது.

“உயிரோட கீறன்னு சொன்ன நாளு நவம்பர் பதினாறுக்கா. அன்னிக்கே சொல்லிட்ட. தப்பு எங்களுது, வட்டி உன்னுது.”

“எவ்ளோ வட்டி வரப்போவுது, வெளக்கெண்ண! அதுக்காவ உம்பேரக் கெடுத்துக்கிறியா?”

“எவ்ளோவா இருந்தாலும்.”

வாசலில் ஆரோக்கியசாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். டென்சில் அந்த எண்ணெய்த் தாளைக் காட்டினார். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், மோந்தும் பார்த்தார். பிறகு முதல் தடவையாக எதையும் எழுதப் போவதாகச் சொல்லாமல் வழிவிட்டார்.

தீபிகா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட பிறகுதான் தொட்டாள். டென்சில் கூடவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். நவம்பர் பதினாறாம் தேதி சான்றை நானே பெற்றேன். ரசீது தரவில்லை. கணினியில் ஏற்றவில்லை. தவறு என்னுடையது. டப்பா, ரோஸ் குக்கீஸ், மனைவி ஒன்றையும் எழுதவில்லை. ‘என் வீட்டில் தவறி வைத்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“சார், இத ஏத்துனா நான் ரீஜனல் ஆபீசுக்கு ரிப்போர்ட் பண்ணணுமுங்க. அவங்க உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க.”

“கேக்கட்டும் மேடம்.”

“காலையில நான் சொன்ன வழியிலயே போயிருக்கலாமே சார்.”

“காலையிலயே என் நோட்டுல டிக் இருந்துச்சு மேடம். பாத்துட்டுத்தான் உங்க ரூமுக்கு வந்தேன். உங்ககிட்ட சொல்லல.” இதைச் சொல்லத்தான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தீபிகா அவர் எழுதிய பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஒண்ணு தெரியுங்களா சார்? இந்த வட்டிக்கு லெட்டரே தேவையில்ல. பேங்க் தப்புன்னா, யாரும் கேக்காமயே, நிலுவை போடற அதே நாள்ல நாமளே கணக்குல போடணும். ரூல் அப்படித்தான்.” பிறகு, தானே அந்த விதியைக் காலையில் மறந்துவிட வசதியாக வழி சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, முகம் சிவந்து கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “பெற்ற தேதி நவம்பர் பதினாறு. ஏத்திடலாங்க.”

பென்ஷன் கணக்குகளையெல்லாம் பார்க்கும் மத்திய அலுவலகத்துக்கு அன்றே மின்னஞ்சல் போனது. வெள்ளிக்கிழமை வேதநாயகியின் கணக்கில் இரண்டு வரவு விழுந்தது. டிசம்பருக்கும் ஜனவரிக்கும் சேர்த்து முப்பத்து மூவாயிரத்து நூற்று எண்பது ரூபாய். அதற்குக் கீழே, தாமத வட்டி இருநூற்று ஏழு ரூபாய்.

சேட்டு கடையில் தோட்டை மீட்க அவள் கட்டிய வட்டி அறுநூறு. இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை டென்சில் தன் பணத்தால் நிரப்பப் பார்த்தார். வேதநாயகி கைத்தடியை ஓங்கினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விஷயத்தை ரூபினியிடம் சொல்லக் கூடாது என்ற சத்தியம் மட்டும் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து, வேதநாயகியைக் கட்டிக்கொண்டு ரூபினி ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, காலி டப்பா ஏதாவது இருந்தால் கொடுங்கள் அக்கா, வெறும் டப்பாவாகக் கொடுங்கள், இனிமேல் வாழையிலைதான் போடுவேன் என்றாள்.

மெமோ மார்ச் பத்தாம் தேதி வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள், டென்சில் விளக்கினார். இனிமேல் கவனமாக இருக்கும்படி எச்சரித்துப் பதில் வந்தபோது அவருக்கு இன்னும் எட்டு வேலை நாள்தான் பாக்கி. எட்டு நாளும் அவர் மிகவும் கவனமாக இருந்தார். முப்பத்தாறு வருட வெள்ளைத்தாளில் ஒரு கறை. முதல் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை, மூன்றாம் இரவு குறட்டை விட்டதாக ரூபினி சொன்னாள்.

அவருடைய கடைசி வேலை நாளன்று, நான்கு மணி வாக்கில், மேசைகளை ஒதுக்கி மாலையும் கேக்கும் வைத்திருந்தார்கள். அப்போது கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. பின்னால் ஆரோக்கியசாமி, முன்னால் வேதநாயகி. காதில் சிவப்புக்கல் தோடு. கையில் துணிப்பை, அதற்குள் நடேசன் பெயர் வெட்டிய டப்பா.

“பார்ட்டி நடக்கற நேரத்துல பென்ஷன் வேலை கிடையாதும்மா” என்று தீபிகா சிரித்தாள்.

“எனக்குத் தம்பிகிட்டதான் வேல கீது” என்று சொல்லிவிட்டு வேதநாயகி நேராக டென்சிலின் மேசைக்கு வந்தாள். டப்பாவை வைத்தாள். அவர் ஆசையாகக் கை நீட்டியதும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆரோக்கியசாமியிடமிருந்து ஒரு தாளை வாங்கி அவர் முன்னால் விரித்தாள். ஆரோக்கியசாமியின் அழகான குமாஸ்தா எழுத்து.

வேதநாயகியிடமிருந்து மிளகு முறுக்கு முப்பது பெற்றுக்கொண்டேன்.

“கையெழுத்துப் போடு. தேதி போடு” என்றாள். “சும்மா குடுத்தா நீ எங்கனாச்சும் வெச்சித் தொலச்சிருவ. இனிமே சீட்டு இல்லாம உனக்கு ஒண்ணும் கெடயாது.”

கிளையே சிரித்தது. டென்சிலும் சிரித்தார், ஆனால் கண் நிறைந்துவிட்டதால் எழுத்து தெரியவில்லை. டப்பாவைத் திறந்து, ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினார். முப்பது இருந்தது. மேலே தனியாக, வாழையிலைத் துண்டில் சுற்றி இன்னும் இரண்டு.

“முப்பதுன்னுதான போட்ருக்கு, இது?”

“தீபாவளிக்கே என் கையால சுட்டுத் தர வேண்டியது, காலால லேட்டாயிருச்சி” என்றாள் வேதநாயகி. “அது வட்டி. கேக்காமயே தரணுமாமே, ரூலு.”

டென்சில் தாளை நெருக்கமாக இழுத்து, கீழே கையெழுத்திட்டு, தேதியும் பணியாளர் எண்ணும் எழுதி, பழக்கதோஷத்தில் வங்கி முத்திரைக்குக் கை நீட்டினார். தீபிகா ஜன்னல் பக்கம் திரும்பி டிராபிக்கைப் பார்க்க ஆரம்பித்தாள். முப்பத்தாறு வருடத்தில் அவர் அந்த வங்கியில் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான். மசி காயும்வரை வேதநாயகி காத்திருந்து, தாளை நான்காக மடித்து, தன் பாஸ்புக்குக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.